ஆயாம்மா குரலும் என் வயலினும்

 

பள்ளி ஆண்டு விழாவில் நான் போட்ட வீடியோவைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது நன்றாக இல்லை. இந்த மூன்று வாரமாக உட்கார்ந்து அதைத் திருத்தினேன். எங்கே தப்பு செய்தேன், எப்படிச் சரி செய்தேன் என்பதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நிறையப் பேர் பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் அப்பா அம்மா நினைவுநாளுக்கும் வீடியோ செய்கிறீர்கள். எல்லாவற்றிலும் இதே தப்பைப் பார்க்கிறேன்.

நம் பள்ளியில் சத்துணவு சமைத்த ஆயாம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். 1982-ல் சத்துணவுத் திட்டம் ஆரம்பித்த வருடமே வேலைக்கு வந்தவர். நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். இந்த வருட ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போடுவதாக முடிவு செய்தார்கள். என்னிடம், "ஒரு சின்ன வீடியோ பண்ணுங்க டீச்சர்" என்றார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் செல்போனில் குரலைப் பதிவு செய்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். அதில் மூன்றரை நிமிடம் எடுத்து, பழைய போட்டோக்களை வரிசையாக வைத்து, பின்னால் ஒரு வயலின் இசையைப் போட்டேன். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கும் இசை. கேட்டால் கண்ணீர் வந்துவிடும், அவ்வளவு உருக்கம்.

விழாவில் போட்டார்கள். வாடகை மைக் செட், முன்னூறு பேர், பிள்ளைகள் சத்தம். வீடியோ முடிந்ததும் கைதட்டல். நான் ஆயாம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"பாட்டு நல்லா இருந்துச்சு டீச்சர். நான் என்ன சொன்னேன்னுதான் ஒண்ணும் புரியல" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த வீடியோவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. சமைத்ததைப் பற்றி, விறகு ஈரமாக வந்த நாட்களைப் பற்றியெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர், இடையில் குரலைத் தாழ்த்தி, பாதி தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "என் மவனும் அந்த வரிசையிலதான் தட்டோட நின்னான். அவனுக்குன்னு ஒரு கரண்டி கூடப் போட்டதில்ல." அந்த மகன் விழாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவனுக்கும் அது கேட்டிருக்காது. நான் போட்ட வயலின் சரியாக அந்த இடத்தில்தான் உச்சிக்கு ஏறியது.

எனக்கு ஏன் முன்னாலேயே தெரியவில்லை என்று யோசித்தேன். பதில் எளிது. நான் அந்தக் குரலை ஐம்பது முறை கேட்டிருக்கிறேன். எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரும் என்று மனப்பாடம். காதில் பாதி விழுந்தாலும் மீதியை மனசு நிரப்பிவிடும். அதோடு நான் வேலை செய்தது இரவில், அமைதியான அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அந்த நிலையில் கேட்காதது என்று ஒன்று இருக்காது.

மறுநாள் நம் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்க்கும் வேலை பார்க்கிறான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். நாலாம் வகுப்பில் மேசையில் தாளம் போட்டதற்காக நான் அவனைப் பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன், அதை அவன் மறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "டீச்சர், இசையை டக் பண்ணலியா?" என்றான். எனக்கு வாத்துதான் நினைவுக்கு வந்தது. தலைக்கு மேல் ஏதாவது வந்தால் சட்டென்று குனிவோமே, அதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தானாம். குரல் வரும்போது இசை தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், குரல் போனபின் நிமிர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் செய்தது வேறு. இசை முழுவதையும் ஒரே அளவில் வைத்து, "கொஞ்சம் குறைவாக" என்று கண்ணை மூடிக்கொண்டு குறைத்திருந்தேன். அப்படி வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். குரல் தெளிவாக இருக்கும் அளவுக்குக் குறைத்தால், பேச்சு இல்லாத இடங்களில் இசை இருப்பதே தெரியாது. இசை கேட்கும்படி வைத்தால் குரல் போய்விடும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். அவன் டெசிபல் கணக்கில் சொன்னான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 6 டெசிபல் குறைத்தால் ஒலி அலையின் உயரம் பாதியாகிறது, 12 குறைத்தால் கால் பாகம், 20 குறைத்தால் பத்தில் ஒன்று. ஆனால் நம் காது அப்படிக் கணக்கிடாது. ஏறக்குறைய 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். 20 குறைந்தால் கால்வாசி. இணையதளங்களுக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, காது மந்தமானவர்களையும் மனதில் வைத்து, பேச்சின் பின்னால் வரும் ஒலி பேச்சைவிட 20 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்று தன் அணுகல் வழிகாட்டியின் மிக உயர்ந்த தரத்தில் வைத்திருக்கிறது. நான் அளந்து பார்த்தபோது என் வயலின் ஆயாம்மா குரலைவிட 5, 6 டெசிபல்தான் தாழ்ந்திருந்தது. அவர் குரலைத் தாழ்த்திய இடத்தில் வயலின்தான் மேலே.

சரி என்று மகனுடைய பழைய மடிக்கணினியில் Audacity என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் Auto Duck என்று ஒரு வசதி இருக்கிறது. Effect மெனுவுக்குள் கிடைக்கும். இசையை ஒரு ட்ராக்காகவும் குரலை இன்னொரு ட்ராக்காகவும் வைக்க வேண்டும். இசை மேலே, குரல் அதற்கு நேர் கீழே. இந்த வரிசை முக்கியம். இசை ட்ராக்கை மட்டும் தேர்வு செய்துவிட்டு Auto Duck கொடுத்தால், அது கீழே இருக்கும் குரலைப் பார்த்து, எங்கெல்லாம் குரல் இருக்கிறதோ அங்கெல்லாம் மேலே இருக்கும் இசையைத் தாழ்த்தும். நான் முதலில் குரலை மேலே வைத்துவிட்டேன். கட்டுப்படுத்தும் ட்ராக் கீழே இல்லை என்று ஒரு செய்தி காட்டி வேலை செய்ய மறுத்தது. அரை மணி நேரம் போச்சு.

மாற்றி வைத்ததும் வேலை செய்தது. அதில் ஏற்கெனவே இருந்த எண்களை அப்படியே விட்டு ஓகே கொடுத்தேன். கேட்டால் பெரும்பாலான இடங்களில் குரல் தெளிவு. ஆனால் இரண்டு புதிய கோளாறுகள் வந்தன.

முதலாவது, இசை மூச்சு வாங்கியது. ஆயாம்மா நிறுத்தி நிறுத்திப் பேசுபவர். ஒரு வாக்கியம் சொல்லி, யோசித்து, அடுத்ததைச் சொல்வார். இடைவெளி ஒன்றரை இரண்டு வினாடி இருக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் வயலின் எழும்பி, அடுத்த வார்த்தை வந்ததும் அமுங்கியது. ஆஸ்துமா வந்தவர் மாதிரி. கேட்பவர் கவனம் பேச்சில் நிற்காது, அந்த ஏற்ற இறக்கத்தில்தான் நிற்கும்.

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. அந்த மகன் வாக்கியம் வந்த இடத்தில் இசை தாழவே இல்லை. தாழாதது மட்டுமல்ல, அதற்கு முன் தாழ்ந்திருந்த இசை அந்த வாக்கியத்தில்தான் நிமிர்ந்து எழுந்தது. விழாவில் போட்டதைவிட மோசம்.

காரணம் இதுதான். குரல் இருக்கிறதா இல்லையா என்று அந்த மென்பொருளுக்கு வார்த்தை புரிந்து தெரிவதில்லை. சத்தத்தின் அளவை வைத்துத்தான் தெரிகிறது. Threshold என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். சத்தம் அந்த எண்ணுக்கு மேலே இருந்தால் பேச்சு, கீழே இருந்தால் மௌனம். என் திரையில் அது -30 டெசிபல் என்று இருந்தது. ஆயாம்மாவின் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ -18. அந்த வாக்கியத்தில் அவர் குரல் -35-க்கு இறங்கிவிட்டது. ஆகவே அவர் மனசில் இருந்ததைச் சொன்ன அந்த நாலைந்து வினாடியும் மென்பொருளின் கணக்கில் மௌனம்.

அப்படியானால் எண்ணை ஒரேயடியாக -60 என்று இறக்கிவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தேன். இசை கடைசிவரை எழவே இல்லை. ஏனென்றால் பதிவில் மின்விசிறிச் சத்தம் இருக்கிறது. அவர் வீட்டு விசிறி கடகட என்று ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, மே மாத வெயில் வேறு. யாரும் பேசாத இடத்தை மட்டும் ஓட்டி, திரையில் ஏறி இறங்கும் அளவுப் பட்டையைப் பார்த்தால் விசிறி -48 காட்டியது. -60 என்று வைத்தபோது விசிறியும் பேச்சாகிவிட்டது.

ஆக, எண் விசிறிக்கு மேலேயும் ஆயாம்மாவின் மெதுவான குரலுக்குக் கீழேயும் நிற்க வேண்டும். -48-க்கும் -35-க்கும் நடுவில் -41 வைத்தேன். இந்த இடைவெளி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. பதிவிலேயே விசிறிச் சத்தம் -37 என்று இருந்திருந்தால் எந்த எண்ணும் கைகொடுத்திருக்காது, கையால்தான் ஒவ்வோர் இடமாகத் தாழ்த்தியிருக்க வேண்டும். ஆகவே பதிவு செய்யப் போகிறவர்கள் கூச்சப்படாமல் விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். போனை முகத்துக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாணில் பிடியுங்கள். நான் நாலடி தள்ளி மேசையில் வைத்திருந்தேன்.

மூச்சு வாங்குவதற்கு மருந்து Maximum pause என்ற எண். இவ்வளவு வினாடிக்குள் பேச்சு திரும்ப வந்துவிட்டால் இசை எழ வேண்டாம், தாழ்ந்தே இருக்கட்டும் என்று அர்த்தம். அது 1 வினாடியாக இருந்தது, 3 ஆக்கினேன். அவர் பேச்சின் இடைவெளிகளை எண்ணிப் பார்த்துத்தான் 3 வைத்தேன். வேகமாகப் பேசுபவருக்கு 1 போதும். பேச்சு முடிந்து போட்டோ மட்டும் ஓடும் ஐந்தாறு வினாடிகளில் இசை எழுந்தது. அங்கேதான் எழ வேண்டும்.

இறங்குவதும் ஏறுவதும் எவ்வளவு நேரத்தில் என்பதற்கும் எண்கள் உண்டு. இந்த வசதியின் ஒரு நல்ல குணம், இது பதிவை முன்கூட்டியே முழுக்கப் பார்த்துவிடுகிறது. ஆகவே பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே இசையை இறக்கத் தொடங்கும். நேரடி நிகழ்ச்சியில் இப்படி முடியாது, முதல் வார்த்தை வந்தபின்தான் கருவிக்குத் தெரியும். நான் இறங்க 1 வினாடியும் ஏற 2 வினாடியும் வைத்தேன். ஏறுவது மெதுவாக இருந்தால் காதுக்கே தெரியாது.

இனி அந்த 20 டெசிபல். முழுவதையும் Duck amount-ல் போட்டால் இசை பள்ளத்தில் விழுந்து மலையில் ஏறுவதுபோல் இருக்கிறது. மாணவன் ஒரு வழி சொன்னான். முதலில் இசை ட்ராக்கின் ஒலியளவையே குரலைவிட 8 டெசிபல் தாழ்த்தி வைத்துவிட வேண்டும், பேச்சு இல்லாத இடத்துக்கு அதுவே போதும். பேச்சு வரும்போது இன்னும் 12. கூட்டினால் 20. ஏற்ற இறக்கம் 12 மட்டுமே என்பதால் உறுத்தவில்லை. கடைசியில் நான் வைத்த எண்கள் இவை, வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

```
Duck amount: -12 dB
Maximum pause: 3
Outer fade down length: 1
Outer fade up length: 2
Inner fade down length: 0
Inner fade up length: 0
Threshold: -41 dB
```

Threshold மட்டும் உங்கள் பதிவை அளந்து போட வேண்டியது. என்னுடையதை அப்படியே போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு, அந்த மகன் வாக்கியத்தை மட்டும் தேர்வு செய்து Amplify கொடுத்து 6 டெசிபல் ஏற்றினேன். அங்கே விசிறிச் சத்தமும் சேர்ந்து 6 ஏறியது, லேசாகத் தெரிகிறது. அதற்கு மேல் ஏற்றவில்லை. அவர் தாழ்த்திச் சொன்னது தாழ்த்திச் சொன்னதாகவே இருக்க வேண்டும். மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டால் அது அவர் குரல் இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இனிமேல் என் காதை நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேனே. முப்பத்தைந்து வருடம் செய்த வேலை ஒன்று இருக்கிறது, சொல்வதை எழுதுதல். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் விழாவுக்கு வரவில்லை, ஆயாம்மா பேசியதைக் கேட்டதும் இல்லை. காதும் கொஞ்சம் மந்தம். அதுவே எனக்கு வேண்டியிருந்தது. ஹெட்போன் வேண்டாம், செல்போன் ஸ்பீக்கரிலேயே கேட்க வேண்டும், கூடத்து விசிறி ஓட வேண்டும், ஒரே ஒரு முறைதான் போடுவேன் என்றேன். "இந்த வயசுல எனக்கு டிக்டேஷனா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

மொத்தம் பதினான்கு வாக்கியம். பத்துதான் சரியாக வந்தது. "ஒரு கரண்டி கூடப் போட்டதில்ல" என்பதை "ஒரு வண்டி கூடப் போனதில்ல" என்று எழுதியிருந்தார். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். சத்தம் போதாமல் இருந்தால் வாக்கியமே விழுந்திருக்காது. விழுந்திருக்கிறது, மெய்யெழுத்துகள்தான் மாறியிருக்கின்றன.

தமிழ் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது புரியாமல் இருக்குமா? உயிரெழுத்துக்குத்தான் சத்தம் அதிகம், நீளமும் அதிகம். பால், கால், வால் மூன்றையும் தூரத்திலிருந்து கேட்டால் ஆ மட்டும் கேட்கும். எந்த வார்த்தை என்று சொல்வது முதலில் வரும் மெய்தான், அது கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடுகிறது. அதைக் காட்டிக்கொடுக்கும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கின்றன என்றான் மாணவன். வயலினின் மினுமினுப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அளவில் தாழ்ந்திருந்தாலும், அந்த ஒரு பகுதியில் இசை மெய்யெழுத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நாதஸ்வரம் போட்டிருந்தால் இன்னும் கஷ்டம். பாட்டு வரிகள் உள்ள இசை போடவே கூடாது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் எதைக் கேட்பது?

இசையை மாற்றச் சொன்னான். எனக்கு மனம் வரவில்லை. Graphic EQ-ஐத் திறந்து, வயலின் ட்ராக்கில் மட்டும், 2000 ஹெர்ட்சிலிருந்து 4000 வரை உள்ள பட்டைகளை 5 டெசிபல் இறக்கினேன். வயலின் கொஞ்சம் மங்கியது, ஒரு சன்னலைச் சாத்தியது போல. தனியாகக் கேட்டால் எனக்குப் பிடிக்கவில்லை. குரலோடு சேர்த்துக் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி வீட்டுக்காரருக்குப் போட முடியாது, அவருக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு முறுக்குக்கு ஒப்பந்தம் பேசினேன். பதினான்கில் பதிமூன்று. வராத ஒன்றை இசையே இல்லாமல் நானும் கேட்டுப் பார்த்தேன், புரியவில்லை. ஆயாம்மா அந்த இடத்தில் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். பதிவில் இல்லாததை எப்படிக் கொண்டுவருவது? அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

செல்போனிலேயே வீடியோ செய்கிறவர்கள், உங்கள் செயலியில் தானாகத் தாழ்த்தும் வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். பேச்சு வரும் இடத்தில் இசைத் துண்டை வெட்டி, அந்தத் துண்டின் ஒலியளவை மட்டும் குறையுங்கள். அளவு மாறும் இடம் பேச்சின் மேல் விழாமல் இருக்க, பேச்சுக்கு ஒரு வினாடி முன்னாலேயே வெட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு ஆயாம்மா வீட்டுக்குப் போனேன். மகனும் இருந்தான். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயாம்மா திரையில் தன் பழைய போட்டோவைப் பார்த்து, "இது யாரு, எங்க அக்கா மாதிரி இருக்கு" என்றார். வீடியோ ஓடியது. கரண்டி வந்த இடத்தில் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் என் கையிலிருந்து போனை வாங்கி, விரலால் பின்னுக்குத் தள்ளி, அந்த இடத்திலிருந்து இன்னொரு தடவை போட்டுக் கேட்டான்.

புது வீடியோவை நாளைக் காலையில் இங்கே போடுகிறேன். ஹெட்போன் இல்லாமல் கேளுங்கள். எந்த வார்த்தையாவது விளங்காவிட்டால், எத்தனையாவது வினாடி என்று குறித்து எழுதுங்கள்.